அரை கிலோ கேக்கின் விலை ஏன் பாதி ஆவதில்லை: வீட்டு பேக்கிங் கணக்கு

"அக்கா, ஒரு கிலோ எழுநூறுன்னா அரை கிலோ முந்நூத்தி அம்பதுதானே?" வேலூரில் வீட்டிலிருந்து கேக் போட்டுக் கொடுக்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். கேட்பவர் பெரும்பாலும் ஹாஸ்டல் பிள்ளையாக இருக்கும். ரூம்மேட்டுக்குப் பிறந்தநாள், நாலு பேர் காசு போட்டிருப்பார்கள், அரை கிலோ போதும். பதில் சொல்லத் தெரியாமல் "சரிப்பா, முந்நூத்தி அம்பது குடு" என்று ஒப்புக்கொள்வதும் வழக்கம்தான். அந்த கேக்கில் அக்காவுக்குக் கூலியில் ஒரு பகுதி போய்விடுகிறது. கையை விட்டுக் காசு எதுவும் போகாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேக் விலை வைக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பேக்கரியில் என்ன விலை என்று பார்த்து அதைவிட ஐம்பது ரூபாய் கூட்டுவது அல்லது குறைப்பது. இன்னொன்று, சாமான் செலவை மூன்றால் பெருக்குவது. இரண்டிலும் என்ன கோளாறு என்பதை, ஒரு கிலோ பட்டர்ஸ்காட்ச் கேக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்கு நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை பில்லில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## துணியும் தையல்கூலியும்

டெய்லரிடம் ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை, பதினைந்து வயசுப் பிள்ளைக்கு ஒன்று என்று தைக்கக் கொடுங்கள். சின்னதுக்குத் துணி பாதிதான் பிடிக்கும். தையல்கூலி பாதியாகிறதா? ஆகாது. அளவெடுப்பது, வெட்டுவது, ஓரம் அடிப்பது, கொக்கி வைப்பது எல்லாம் இரண்டுக்கும் உண்டு. கொஞ்சம் குறைத்து வாங்குவார், அவ்வளவுதான்.

கேக்கிலும் இதே இரண்டு பங்கு இருக்கிறது. எடை கூடக் கூட அதே அளவில் கூடுவது மாறும் செலவு: மைதா, சர்க்கரை, முட்டை, க்ரீம். எடை எவ்வளவாக இருந்தாலும் ஏறக்குறைய அப்படியே நிற்பது நிலைச் செலவு: ஆர்டர் பேசும் நேரம், பாத்திரம் கழுவும் நேரம், மெஷின்களின் தேய்மானம். "கிலோ இவ்வளவு" என்று ஒரே விலை சொல்லும்போது, கேக் முழுக்க முழுக்க மாறும் செலவு என்று நாமே ஒப்புக்கொள்கிறோம்.

## சாமான்: பில்லில் இருப்பதும் கேக்கில் போவதும்

முதலில் ஒரு கிலோ என்பது எதன் எடை என்று தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையும் பெட்டியும் இல்லாமல், முடிந்த கேக்கின் எடை அது. அதில் ஸ்பான்ஜ் பாதியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மீதி க்ரீம், சர்க்கரைப் பாகு, மேலே தூவும் மொறுமொறு.

நம் கேக்குக்கு 3 முட்டை, 120 கிராம் மைதா, 120 கிராம் சர்க்கரை, 60 மி.லி. எண்ணெய், 60 மி.லி. பால். மாவு கலந்தால் 500 கிராம் சொச்சம் வரும். வேகும்போது தண்ணீர் ஆவியாகி, மேடாக எழும்பிய தலைப்பகுதியையும் வெட்டியபின் 430 கிராம் அளவுக்கு நிற்கும். நனைக்க 100 கிராம் பாகு, 350 கிராம் விப்பிங் க்ரீம், முந்திரியும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய ப்ராலின் 90 கிராம் அளவுக்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோவை ஒட்டி வருகிறது.

இப்போது ஒவ்வொன்றுக்கும் கேக்கில் போன அளவின் விலையை மட்டும் எடுக்க வேண்டும். லாங்கு பஜாரில் கிலோ 50 ரூபாய்க்கு மைதா வாங்கினால் 120 கிராம் 6 ரூபாய். சர்க்கரை கிலோ 48 ரூபாய்; ஸ்பான்ஜுக்கு 120, பாகுக்கு 40, ப்ராலினுக்கு 50 என்று மொத்தம் 210 கிராம், 10 ரூபாய். முட்டை 7 ரூபாய் வீதம் 21. எண்ணெய் 9. பால் 3. முந்திரி 30 கிராம், 30 ரூபாய். வெண்ணெய் 15 கிராம், 9 ரூபாய். எசன்ஸ், பேக்கிங் பவுடர், நிறம் எல்லாம் சேர்த்து 8. க்ரீம் ஒரு கிலோ பாக்கெட் 240 ரூபாய் என்றால் 350 கிராம் 84 ரூபாய். மொத்தம் 180 ரூபாய்.

இதில் கிட்டத்தட்டப் பாதி க்ரீம் ஒன்றுக்கே போகிறது. மைதா கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவாக எங்கே கிடைக்கும் என்று அலைவதைவிட, க்ரீமைக் கவனிப்பதுதான் கணக்கு. க்ரீம் ஏமாற்றும் இடங்கள் இரண்டு.

ஒன்று எடை. அடித்த க்ரீம் உப்பி மூன்று மடங்காகத் தெரியும், எடை மட்டும் ஏறாது, ஏனென்றால் உள்ளே போனது காற்று. பார்வைக்கு லேசாக இருப்பதால் ஓரத்தில் ஒரு பூ, மேலே ஒரு பூ என்று பிழிந்துகொண்டே போவோம். கேக் முடிந்ததும் தராசில் வைத்து அட்டை எடையைக் கழியுங்கள். 1,180 கிராம் காட்டினால் 180 கிராம் சும்மா கொடுத்திருக்கிறீர்கள். க்ரீம் கிண்ணத்தை முன்னும் பின்னும் எடை போட்டால் அது எங்கே போனது என்று உடனே தெரியும்.

இன்னொன்று மீதி. க்ரீம் உறைந்த பாக்கெட்டாக வருகிறது. ஒரே ஆர்டருக்காக முழுப் பாக்கெட்டையும் உருக்கி, 350 கிராம் எடுத்து, மீதியைப் பயன்படுத்த அடுத்த ஆர்டர் வரவில்லை என்றால் என்ன ஆகும்? முழுசாக உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் அடிக்கும்போது பழையபடி உப்பாது, திரிந்தாற்போல் நிற்கும். ஃப்ரிட்ஜில் சில நாள்தான் தாங்கும். கொட்டினால் அந்த கேக்கின் க்ரீம் செலவு 84 இல்லை, 240. முந்திரியும் வெண்ணெயும் சேர்ந்து செய்யாத சேதத்தை இந்த மிச்சம் செய்துவிடும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் ஒரே வாரக் கடைசியில் இரண்டு மூன்று ஆர்டர்கள் சேருகிற மாதிரி தேதி பேசுகிறார்கள்.

அப்படிச் சேர்த்து வாங்கினாலும் வெட்டிய துண்டு, கிண்ணத்தில் ஒட்டியது, அதிகம் அடித்துக் கெட்டுப்போன க்ரீம் என்று கொஞ்சம் போகத்தான் செய்யும். அதற்கு சாமான் செலவில் பத்து சதவீதம், 18 ரூபாய் வைப்போம். சாமான் கணக்கு 198 ரூபாயில் முடிகிறது.

## எரிபொருள்: பயப்படும் அளவுக்கு இல்லை, கோடையில் தவிர

"ஓவன் கரண்டு இழுக்கும்" என்ற பேச்சு பாதிதான் உண்மை. 1,500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எரிந்தால் ஒன்றரை யூனிட். ஆனால் அது நிறுத்தாமல் எரிவதில்லை. தேவையான சூடு வந்ததும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும், சூடு இறங்கினால் மறுபடி போடும். சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிடம் முன்சூடு, நாற்பது நிமிடம் பேக் என்றால் முக்கால் யூனிட்டை ஒட்டி ஆகும். ஊகம் வேண்டாம் என்றால் மற்ற பெரிய சாதனங்களை அணைத்துவிட்டு மீட்டரில் முன்னும் பின்னும் பார்க்கலாம்.

ஒரு யூனிட் என்ன விலை? மொத்தக் கட்டணத்தை யூனிட்டுகளால் வகுத்து சராசரி எடுக்கக் கூடாது. நம் ஊர் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இலவசமாகக் கிடைக்கும் முதல் யூனிட்டுகளை வீட்டு விளக்கும் ஃபேனும் ஏற்கெனவே தின்றுவிட்டன. கேக்குக்காக ஓடியவை பில்லின் உச்சிப் படியில் இருக்கும் யூனிட்டுகள், அந்த விலைதான் கேக்கைச் சேரும். 7 ரூபாய் என்று வைத்தால் ஓவனுக்கு 6 ரூபாய்க்குள்.

வேலூரில் உண்மையான கரண்டு செலவு ஐசிங் நேரத்தில் வருகிறது. ஏப்ரல், மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஃபேன் காற்றில் க்ரீம் பூசினால் பத்து நிமிடத்தில் பக்கச்சுவர் வழுக்கத் தொடங்கும், பூவின் ஓரம் மழுங்கும். ஏசி போட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றேகால் யூனிட் போனாலும் ஓவனைவிட அதிகம். ஃப்ரிட்ஜ் பங்கு, ப்ராலின் காய்ச்சிய கேஸ் எல்லாம் சேர்த்து 20 ரூபாய் வைப்போம். டிசம்பரில் இது பாதியாகும். குக்கரில் மணல் போட்டு பேக் செய்பவர்களுக்கும் கேஸ் சில ரூபாய்தான் வரும். சிலிண்டரை முன்னும் பின்னும் எடை போட்டால் தெரிந்துவிடும். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது வேறு விஷயம், ஆர்டர் பெருகும்போது அதை யோசிக்க வேண்டும்.

இதுவரை வந்தது: சாமான் 198, எரிபொருள் 20. ஆக 218. பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிட்டு "விலை 500, லாபம் 280" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

## பெட்டி

பெட்டி 32, அட்டை 12, மெழுகுவர்த்தியும் பிளாஸ்டிக் கத்தியும் 6, ஸ்டிக்கர் 3, பை 12. மொத்தம் 65 ரூபாய். மைதா, சர்க்கரை, முட்டை மூன்றும் சேர்ந்தே 37 ரூபாய்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "பெட்டி என்னங்க பெட்டி" என்று விட முடியாது. பெயர் எழுதிய டாப்பர் கேட்டால் அது தனி, பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

டெலிவரியும் தனிதான். சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடிக்கு கேக்கை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போவது க்ரீமுக்கும் நல்லதில்லை, மனசுக்கும் நல்லதில்லை. ஆட்டோ கட்டணத்தை வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கேக் விலைக்குள் அதை ஒளித்தால், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்பவர் மற்றவருடைய ஆட்டோவுக்குக் காசு கட்டுகிறார்.

## நேரம்: இங்கேதான் கணக்கு கவிழ்கிறது

நேரத்தை எண்ணும்போது இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். கை ஓடுகிற நேரம் உழைப்பு நேரம். ஓவனில் வேகிற, ஃப்ரிட்ஜில் ஆறுகிற நேரம் காத்திருப்பு நேரம். காத்திருப்பில் நீங்கள் துணி மடிக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம், அதனால் அதை எண்ண வேண்டாம். ஸ்பான்ஜ் வேகும்போதே ப்ராலின் காய்ச்சினால் அந்த நிமிடங்கள் ஒருமுறை மட்டும், உழைப்பில் வரும்.

நம் கேக்குக்கு: வாட்சப்பில் ஆர்டர் பேசுவது 15 நிமிடம் (எந்த நிறம், என்ன பேர், ஸ்பெல்லிங் சரியா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க). கடைக்குப் போனதில் இந்த கேக்கின் பங்கு 10. அளந்து கலப்பது 25. ப்ராலின் காய்ச்சி, தட்டில் கொட்டி, ஆறியதும் பூரிக்கட்டையால் நொறுக்குவது 15. அடுக்கி, பாகு நனைத்து, க்ரீம் பூசி, அலங்கரிப்பது 50. பாத்திரம் 20. பெட்டியில் வைத்து, போட்டோ எடுத்து, கொடுப்பது 15. மொத்தம் 150 நிமிடம், இரண்டரை மணி நேரம்.

இதில் 50 நிமிட ஐசிங்கை மட்டும் வேலை என்று நினைப்பதுதான் பொதுவான பழக்கம். பேச்சும் பாத்திரமும் பெட்டியும் சேர்ந்து இன்னொரு 50 நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

மணிக்கு என்ன கூலி? வெளியில் வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கலாம். மாதம் 15,000 சம்பளம், 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்கு 75 ரூபாய். கைத்தொழில் தெரிந்தவருக்கு 100 வைப்பது ஒன்றும் பேராசை இல்லை. இரண்டரை மணிக்கு 250 ரூபாய். சாமான் செலவைவிட அதிகம்.

இதோடு தேய்மானம் ஒன்று இருக்கிறது. மெஷின் ஒருநாள் பழுதாகும், அதன் விலையை அதில் செய்த கேக்குகள் பங்குபோட்டுக் கட்ட வேண்டும். ஓடிஜி, பீட்டர், டின்கள், டர்ன்டேபிள் எல்லாம் 13,500 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வருஷத்தில் 450 கேக் போட்டால் கேக்குக்கு 30 ரூபாய்.

மறுபடி கூட்டுவோம். சாமான் 198, எரிபொருள் 20, பெட்டி 65, உழைப்பு 250, தேய்மானம் 30. அடக்க விலை 563 ரூபாய்.

## கூலி வேறு, லாபம் வேறு

563க்கு விற்றால் உங்களுக்குக் கூலி கிடைத்துவிட்டது, தொழிலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பேக் பாதியில் இருக்கும்போது கரண்டு போய் ஸ்பான்ஜ் நடுவில் குழிந்தால், அதை யார் கட்டுவது? ஆர்டர் வராத ஆடி மாதம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, வாங்க வராமல் போனை அணைத்துவிட்ட ஆள், இவை எல்லாம் லாபத்திலிருந்துதான் போக வேண்டும். அதற்கு விற்பனை விலையில் 20 சதவீதம் வைப்போம்.

இங்கே ஒரு சின்னப் பொறி. 563இல் 20 சதவீதம் கூட்டினால் 676 வரும். அதில் லாபம் 113. விற்பனை விலையில் அது 17 சதவீதத்துக்கும் குறைவு. விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 20 மிஞ்ச வேண்டும் என்றால் மீதி 80தான் அடக்கம், ஆகவே 563ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 704 வருகிறது. 700 என்று சொல்லலாம்.

## இப்போது அரை கிலோவுக்கு வருவோம்

அதே கேக், அரை கிலோ. சாமான் பாதியாகிறது: வீணாவதோடு சேர்த்து 99. ஓவன் கொஞ்சம் குறைவாக ஓடும், எரிபொருள் 17. சின்னப் பெட்டி, சின்ன அட்டை, ஆனால் அதே மெழுகுவர்த்தி, அதே பை: 53. ஐசிங் 50 நிமிடம் 35 ஆகிறது, கலப்பதில் 5 நிமிடம் மிச்சம், மற்றது எதுவும் அசையாது. 130 நிமிடத்துக்கு 217 ரூபாய். தேய்மானம் அதே 30. அடக்கம் 416, விற்பனை விலை 520.

முந்நூற்றைம்பதுக்குக் கொடுத்தவர் அடக்கத்திலேயே 66 ரூபாய் விட்டிருக்கிறார். அதாவது மணிக்கு 100 என்று வைத்த கூலி 70க்கு இறங்கி, லாபம் மறைந்துவிட்டது.

இரண்டு கிலோவுக்கு இதையே போட்டால் சாமான் 396, எரிபொருள் 28, பெட்டி 95, 205 நிமிட உழைப்புக்கு 342, தேய்மானம் 30. அடக்கம் 891, விலை 1,114. கிலோ கணக்கில் பார்த்தால் அரை கிலோ கேக் கிலோ 1,040, ஒரு கிலோ 704, இரண்டு கிலோ 557. யாரையும் ஏமாற்றவில்லை. நிலைச் செலவு சின்ன கேக்கின் மேல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, பெரிய கேக்கில் பரவிவிடுகிறது.

கேட்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கிலோ விலை சொல்வதை நிறுத்திவிட்டு அளவுக்கு ஒரு விலை என்று பட்டியல் போட்டால் போதும்: அரை கிலோ 520, ஒரு கிலோ 700, இரண்டு கிலோ 1,100. அரை கிலோ கேட்க வந்தவர் 180 ரூபாய் கூடப் போட்டு ஒரு கிலோ வாங்கிப் போவதும் நடக்கும். அது இருவருக்குமே லாபம்.

## மூன்று மடங்கு விதி எங்கே நிற்கும், எங்கே விழும்

சாமான் செலவை மூன்றால் பெருக்குவது இரண்டு கிலோ கேக்குக்கு 1,080 காட்டும். நம் கணக்குக்கு மிக அருகில். அதனால்தான் பெரிய ஆர்டர் எடுப்பவர்கள் அதை நம்புகிறார்கள். ஒரு கிலோவுக்கு 540 காட்டும், அடக்கத்துக்கும் கீழே. அரை கிலோவுக்கு 270. அதில் கூலியில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பட்டர்ஸ்காட்ச்சுக்குப் பதில் நல்ல சாக்லேட் போட்ட ட்ரஃபிள், சாமான் மட்டும் 320 ரூபாய் என்று வையுங்கள். விதி 960 கேட்கும். வேலை அதேதான் என்பதால் நம் கணக்கில் 900க்குள் முடிகிறது. அதே சமயம் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து செய்யும் பொம்மை கேக்குக்குச் சாமான் ஏறக்குறைய 180தான் என்றால் விதி 540 என்கிறது, உண்மையான விலை ஆயிரத்தைத் தாண்டும். நல்ல சாமான் போடுபவரை விலையேற்றிக் காட்டி, கைவேலையை இலவசமாக்கும் விதி அது.

பேக்கரி விலையோடு ஒப்பிடுவதும் இதே காரணத்தால் சரிவராது. அங்கே ஒரே தடவையில் இருபது ஸ்பான்ஜ் வேகிறது, க்ரீம் மிச்சமே விழாது, பாத்திரம் ஒருமுறைதான் கழுவப்படுகிறது. நீங்களே ஒரே நாளில் இரண்டு பட்டர்ஸ்காட்ச் போட்டுப் பாருங்கள்: மொத்தம் ஐந்து மணி ஆகாது, நாலு மணியில் முடியும். கேக்குக்கு 50 ரூபாய் உழைப்பு குறைகிறது. ஆனால் விலைப்பட்டியலை அந்த நல்ல நாளை வைத்துப் போடாதீர்கள். உங்களுக்கு வழக்கமாக எப்படி ஆர்டர் வருகிறதோ அதை வைத்துப் போடுங்கள்.

விலையை எப்போது திருத்துவது? முட்டை ஒரு ரூபாய் ஏறினால் கேக்கில் 3 ரூபாய்தான் ஏறுகிறது, விட்டுவிடலாம். க்ரீம் பாக்கெட் 40 ரூபாய் ஏறினால் 14. அதையும் லாபம் தாங்கும். பெட்டியும் அட்டையும் சேர்ந்து 15 ரூபாய் கூடி, அதே மாதம் க்ரீமும் ஏறினால் அடக்கம் 29 ரூபாய் மேலே போயிருக்கிறது, 700க்கு விற்றால் மிஞ்சுவது 137இலிருந்து 108 ஆகிவிட்டது. அப்போது மறுபடி 0.8ஆல் வகுத்து 740 என்று எழுதுங்கள். ஏற்கெனவே முன்பணம் வாங்கிய ஆர்டர்களைப் பழைய விலைக்கே கொடுத்துவிடுங்கள்.